‘கோஸ்டிங்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசகர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் கடிதங்களைத் தமிழாக்கிச் செப்பனிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அண்மையில் இந்த வேலைக்கு வந்த இருவரின் பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தபோது, பழகியவரிடம் ஒன்றும் சொல்லாமல் தொடர்பை நிறுத்திக்கொள்வதைக் குறிக்கும் ‘கோஸ்டிங்’ வந்த இடங்களில் எல்லாம் நான் முன்பு செய்த பிழைகளே வரிசையாக நின்றன. ‘கோஸ்ட்’ என்றால் பேய்தானே என்று எண்ணிக் கடிதத்துக்குள் ஆவியை நுழைத்துவிடுவோர் இன்று யாரும் இல்லை என்பதால், அத்தகைய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதில் வராததெல்லாம் கோஸ்டிங் என்று கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு வார இதழின் ஆலோசனைப் பகுதிக்கு ஓர் இளம்பெண் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். மூன்று மாதங்கள் நாள்தோறும் ஒருவரோடு செய்தி பரிமாறிக்கொண்டிருந்ததையும், இருமுறை நேரில் சந்தித்ததையும், வீட்டில் எப்போது சொல்லலாம் என்று இருவரும் பேசியதையும் விவரித்திருந்தார். ஒரு ஞாயிறு இரவு “நாளைக்குப் பேசலாம்” என்று எழுதிய அந்த மனிதர் அதன்பின் ஐந்து வாரங்களாக ஒரு சொல்கூட எழுதவில்லை, அழைப்பையும் எடுக்கவில்லை, ஆனால் நண்பர்களின் படங்களுக்குக் கீழே வழக்கம்போல விருப்பக்குறி இட்டுக்கொண்டிருந்தார். தன்னை அவர் ‘கோஸ்ட்’ செய்துவிட்டார் என்று ஒரே சொல்லில் அந்தப் பெண் அதை முடித்திருந்தார்.

இடம் போதாததால் கடிதத்தைக் கால் பங்காகச் சுருக்கிய நான், அந்தச் சொல்லை “எனக்குப் பதில் அனுப்புவதில்லை” என்று மாற்றினேன். மூன்று மாதம், இரண்டு சந்திப்பு, ஐந்து வாரம் ஆகிய அனைத்தும் சுருக்கத்தில் போயின. என் சுருக்கத்தை மட்டுமே படித்த ஆலோசகர், “அவருக்கு வேலைப்பளு இருக்கலாம், பொறுமையாக இருங்கள், இன்னொரு முறை அன்பாக எழுதிப் பாருங்கள்” என்று பதில் எழுதினார். படித்ததற்குத் தக்க பதில்தான் அது. இதழ் வெளிவந்த பின் அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அவர் வரமாட்டார் என்பது தனக்கு முன்பே தெரியும் என்றும், காத்திருப்பதை எப்படி நிறுத்துவது என்றுதான் தான் கேட்டதாகவும், ஆலோசனையை நம்பி மீண்டும் நான்கு செய்திகள் அனுப்பித் தன்னைத் தாழ்த்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். ஆலோசகர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் மூலக் கடிதத்தையும் இணைத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

நான் தவறவிட்டது, அந்தச் சொல்லுக்குள்ளேயே சில நிபந்தனைகள் இருக்கின்றன என்பதைத்தான். முதலாவதாக, பதிலை எதிர்பார்க்க உரிமை தரும் ஓர் உறவோ பழக்கமோ இருவருக்கும் இடையே ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். முன்பின் அறியாதவர் ஒருவருக்கு வணக்கம் அனுப்பி, அவர் பேசாமல் இருந்தால் அது கோஸ்டிங் ஆகாது. இரண்டாவதாக, விலகியவர் தாமாக முடிவெடுத்து விலகியிருக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவரும் கைப்பேசியைத் தொலைத்தவரும் இதில் சேரமாட்டார்கள். மூன்றாவதாக, விலகுகிறேன் என்ற ஒரு வாக்கியம்கூட அவரிடமிருந்து வந்திருக்கக் கூடாது. “இனி வேண்டாம், மன்னித்துவிடு” என்று ஒரே வரி எழுதிவிட்டு மறுபடியும் பேசாதவர் கொடுமையானவராக இருக்கலாம், ஆனால் அவர் கோஸ்ட் செய்தவர் அல்லர்.

இது மொழிபெயர்ப்பாளர் தம் வசதிக்கேற்ப வளைக்கக்கூடிய தளர்வான சொல்லும் அன்று. காலின்ஸ் அகராதி 2015ஆம் ஆண்டின் சொற்களுக்கான பட்டியலில் இதையும் வைத்தது. மெரியம்-வெப்ஸ்டர் 2017இல் இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. லியா லெஃபெவர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தம்மை அணுகும் வழியை ஒருதலையாக அடைத்து உறவைக் கலைப்பதே இது என்றும், திடீரெனவும் நிகழலாம், படிப்படியாகவும் நிகழலாம் என்றும் வரையறுத்தார்கள். இந்தப் படிப்படியான வகையைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு இருபது செய்தி அனுப்பியவர் ஐந்துக்கு இறங்கி, பிறகு வாரத்துக்கு ஒரு சிரிப்புமுகத்துக்கு இறங்கி, ஒருநாள் அதையும் நிறுத்திவிடுவதும் கோஸ்டிங்தான்.

எத்தனை நாள் மௌனம் இருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. அந்த இருவரின் பழைய வழக்கமே அளவுகோல். நாள்தோறும் பேசியவர்களுக்கு இரண்டு வாரம் என்பது பெரிய இடைவெளி. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் பழைய வகுப்புத் தோழர்களுக்கு இரண்டு மாதம்கூட ஒன்றுமில்லை. ஆகவே கடிதத்தைச் சுருக்கும்போது எதை வெட்டினாலும், முன்பு எவ்வளவு பேசினார்கள், மௌனம் எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்ற இரண்டையும் வெட்டக் கூடாது.

‘காய் விட்டான்’, ‘ஊடல்’, ‘மறைந்துவிட்டார்’ என்று எழுதுவது

தமிழில் பேசாமல் இருப்பதற்குச் சொற்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து வைத்தால் போதும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால் பள்ளிப்பிள்ளைகள் காய் விடும்போது எதிரே நின்று, விரலைக் காட்டி, ‘உன்னோடு காய்’ என்று அறிவித்துவிட்டுத்தான் பேச்சை நிறுத்துவார்கள். பழம் விட்டுச் சேர்ந்துகொள்ளும் வழியும் அங்கே திறந்தே இருக்கும். இரண்டு குடும்பங்களுக்கு இடையே ‘பேச்சுவார்த்தை இல்லை’ என்றால் அது ஊரே அறிந்த செய்தி. ஊடலோ, மற்றவர் வந்து தேற்றுவார் என்ற எதிர்பார்ப்போடு முகத்தைத் திருப்பிக்கொள்வது. இந்த மூன்றிலும் மௌனம் மற்றவருக்கு எதையோ சொல்கிறது. கோஸ்டிங்கில் அது எதையும் சொல்வதில்லை. உறவு முடிந்துவிட்டதா என்பதையே எதிரில் இருப்பவர் ஊகித்து அறிய வேண்டியிருக்கிறது. மனம் நோவதும் பெரும்பாலும் அதனால்தான்.

‘மறைந்துவிட்டார்’ என்பது இவற்றைவிட மோசமானது. புதியவர் ஒருவர் “மூன்று மாதப் பழக்கத்துக்குப் பின் அவர் மறைந்துவிட்டார்” என்று எழுதியிருந்ததைப் படித்த பிழைதிருத்துநர், இரங்கல் தெரிவிக்கும் தொனியில் தலைப்பு வைத்துவிட்டார். ‘காணாமல் போனார்’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். ‘தலைமறைவானார்’ என்றால் வழக்கும் பிடியாணையும் நினைவுக்கு வரும். நான் இப்போது ‘சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுத்துக்கொண்டார்’ என்று எழுதுகிறேன். சற்று நீளம்தான்; ஆனாலும் ‘சொல்லாமல் கொள்ளாமல்’ என்ற தொடரில் அறிவிப்பின்மையும் குறைகூறலும் சேர்ந்தே வருகின்றன. இளைஞர்களின் உரையாடலாக இருந்தால் ‘கோஸ்ட் பண்ணிட்டான்’ என்பதை அப்படியே விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அவர்கள் வாயில் வருவது அதுதான்.

புதுச்சொல் ஆக்க முனைவது

வேண்டாம்.

நீல டிக்கைச் சாட்சியாக எழுதுவது

‘பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை’ என்பது ஒரு தனிப் புகார், கோஸ்டிங் வேறு. ஒரு செய்திக்குப் பதில் வராமல் போனதை முன்னது குறிக்கிறது. பின்னது ஓர் உறவே நின்றுபோனதைக் குறிக்கிறது. இரண்டும் ஒன்று என எண்ணும் குழப்பத்துக்கு வாட்ஸ்அப்பின் டிக்குகள் பெரிதும் துணைபோகின்றன. செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீல டிக் 2014 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் இரண்டு டிக்குகள் செய்தி போய்ச் சேர்ந்ததை மட்டுமே காட்டின.

படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்தவருக்கு அனுப்பிய தனிச் செய்தி, அவர் படித்த பிறகும் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அறிவிப்புத் திரையிலேயே படித்துவிட்டு உள்ளே போகாதவரின் நிலையும் அதுவே. ஒற்றை டிக் நின்றால் கைப்பேசி அணைந்திருக்கலாம், இணையம் இல்லாமல் இருக்கலாம், அல்லது அனுப்பியவரைத் தடை செய்திருக்கலாம். எது என்று அந்தச் செயலி வேண்டுமென்றே சொல்வதில்லை. ஆகவே கடிதத்தில் “ஒற்றை டிக்” என்று இருக்கும் இடத்தில் “பார்த்தும் பதில் இல்லை” என்று நாமாக எழுதிவிடக் கூடாது. டிக்கின் நிறத்தைவிட உறுதியான அடையாளம் வேறொன்று உண்டு. அந்த மனிதர் மற்றவர்களோடு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது கடிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் முதல் கடிதத்தில் இருந்த விருப்பக்குறிகள் அப்படிப்பட்ட அடையாளம்தான். அதையும் நான் வெட்டியிருந்தேன்.

தடை செய்வதும் கோஸ்டிங்கும் ஒன்று என்பது

தடை ஒரு பொத்தான். அதை அழுத்தாமலும் கோஸ்ட் செய்யலாம். காரணத்தைச் சொல்லிவிட்டும் அழுத்தலாம்.

காதலுக்கு மட்டும் உரியது என்பது

நேர்காணல் வரை அழைத்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விடும் நிறுவனத்தையும், வேலையை ஏற்றுக்கொண்டு முதல் நாள் வராமலே போகும் ஊழியரையும் குறிக்க இதே சொல் வழங்குகிறது. அமெரிக்க மத்திய வங்கி 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘பெய்ஜ் புக்’ என்ற பொருளாதார நிலவர அறிக்கையில், சிகாகோ வட்டாரம் பற்றிய பகுதியில், முன்னறிவிப்பின்றி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டு, அணுகவே முடியாதபடி ஆகிவிடும் தொழிலாளர்களைக் குறித்து முதலாளிகள் இச்சொல்லைப் பயன்படுத்தியது பதிவாகியிருக்கிறது. அலுவலகம் தொடர்பான கடிதத்தில் இச்சொல்லைக் கண்டதும் காதல் விவகாரம் என்று முடிவுகட்டித் தலைப்பு வைப்பவர்கள் கடைசிவரை படிப்பதில்லை.

ஒருவர் சொன்னதையே நிகழ்ந்ததாக எழுதுவது

இச்சொல்லைப் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்தான் சொல்கிறார். ஆகவே அது விவரிப்பு மட்டுமன்றிக் குற்றச்சாட்டும் ஆகும். 2015இல் நடிகை ஷார்லிஸ் தெரன், நடிகர் ஷான் பென்னை இவ்வாறு விலக்கிவிட்டதாகச் செய்திகள் பரவின. சொல் பலருக்கு அறிமுகமானதே அந்தச் செய்திகளால்தான். மறு ஆண்டு அளித்த பேட்டியில் தெரன் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும், உறவு சரிவராததால் முடிந்தது என்றும் கூறினார்.

சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்தில், தோழி ஒருத்தி தன்னைக் கோஸ்ட் செய்துவிட்டதாக ஓர் இளைஞர் எழுதியிருந்தார். ஒரே இரவில் அவளுக்கு நாற்பது செய்திகள் அனுப்பியதாகவும், “கொஞ்சம் இடைவெளி வேண்டும்” என்று அவள் ஏற்கெனவே இருமுறை கேட்டுக்கொண்டதாகவும் அதே கடிதத்தின் நடுவில் அவரே குறிப்பிட்டிருந்தார். அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். புதியவர் அதை “தோழி சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுத்துக்கொண்டாள்” என்று, என் தொடரையே எடுத்து, அழகாகத் தமிழாக்கியிருந்தார். அதை அடித்துவிட்டு, “கோஸ்ட் செய்துவிட்டதாக இவர் கருதுகிறார்” என்று மேலே எழுதி, இடைவெளி கேட்ட வாக்கியத்தை வெட்டாமல் முதல் பத்திக்கு நகர்த்தினேன்.