காசு கழிந்தும் பற்றுச்சீட்டு வரவில்லையா?

எங்கள் பாடசாலையின் தவணைக் கட்டணம் கட்டும் இணையப் பக்கத்தில் பிள்ளையின் சேர்விலக்கத்தைப் போட்டதும் பெயரும் வகுப்பும் வரும். அதைச் சரிபார்த்த பிறகே வங்கி அட்டை விபரத்தைக் கொடுங்கள்.

சிக்கல் ஓடிபி போட்ட பிறகுதான். ஒட்டுசுட்டான் பக்கம் கவரேஜ் விட்டால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். போன தவணை ஒரு அம்மா பொறுமையிழந்து மூன்று தரம் அழுத்திவிட்டார். 4,500 ரூபா மூன்று தரம் கழிந்தது! மேலதிகக் காசைத் திரும்ப எடுக்க அலைச்சல்தான்.

அதனால் திரும்ப அழுத்தாமல், வங்கியின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். காசு கழிந்திருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் அலுவலகத்தில் காட்டுங்கள். திகதி, நேரம், தொகை மூன்றையும் வைத்துத் தேடிப் பார்ப்போம். எங்கள் கணக்குக்கு வராத காசென்றால் வங்கியைத்தான் கேட்க வேண்டும்.