இன்வாய்ஸில் ஒரு வார்த்தை, எல்சியில் வேறு வார்த்தை

திருப்பூரில் எனக்குச் சின்ன நிட்டிங் யூனிட். சீனாவிலிருந்து ஊசி இறக்க எல்சி திறந்தேன்; கேட்ட பேப்பர்கள் சரியாக வந்தால் சப்ளையருக்குப் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்சி. அதில் "நிட்டிங் மெஷின் ஊசி" என்று இருந்தது; சப்ளையரின் இன்வாய்ஸில் "மெஷின் உதிரிபாகம்". பேங்க் முரண்பாடு என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிட்டது.

மேனேஜர் விளக்கினார்: "சார், நாங்க சரக்கைப் பார்க்கிறதில்லை, பேப்பரைத்தான் பார்க்கிறோம். பேப்பர் பொருந்தினா பணம் கொடுத்தே ஆகணும், நீங்க வேண்டாம்னாலும்."

பேக்கிங் லிஸ்ட்டில் ஊசியின் மாடல் எண்கள் சரியாக இருந்தன. முரண்பாட்டை ஏற்பதாக எழுதிக் கொடுத்தேன். பேங்க் சம்மதித்துப் பணம் கட்டியது. சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்து, தூத்துக்குடியில் சரக்கை எடுத்தேன்.

இப்போது கப்பல் ஏற்றும் முன்பே டிராஃப்ட் இன்வாய்ஸை வாங்கி எல்சியோடு வரிவரியாக ஒப்பிடுகிறேன். சரக்கின் தரத்துக்குத் தனி ஆய்வுச் சான்றிதழையும் எல்சியிலேயே கேட்கிறேன்.