முதல் கொலஸ்ட்ரால் டெஸ்டுக்குப் பட்டினி வேண்டாம்

லிப்பிட் புரொஃபைல் எனப்படும் கொலஸ்ட்ரால் டெஸ்டை முதல்முறை 18–20 வயதிலேயே, சாப்பிட்டுவிட்டே எடுத்துவிடலாம். சாப்பாட்டால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் அளவு கொஞ்சம்தான் மாறும், ஏறுவது டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்புதான். இரண்டு இட்லி சாப்பிட்டுப் போய் அது 180 வந்தால் பதற வேண்டாம். 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள், ஏனென்றால் அப்போது கணக்கிட்டுத் தரும் எல்டிஎல் எண்ணை நம்ப முடியாது.

எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆண்கள் 45-க்கு மேல், பெண்கள் 55-க்கு மேல் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை. சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் இருந்தால் வருடாவருடம் பார்ப்பது நல்லது. அப்பாவுக்கு 55-க்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் 18 வயது வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்திலும் கடும் காய்ச்சல் வந்த சில வாரங்களிலும் எடுத்தால் எண்கள் தப்பாகக் காட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த இடைவெளிக் கணக்கு பொருந்தாது.