தொழில் கடனின் வட்டியைச் செலவில் காட்டும் முன்

கடைக்கோ வண்டிக்கோ கடன் எடுத்துத் தொழில் தொடங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வரிக் கணக்கில் மாதத் தவணை முழுதும் செலவு ஆகாது என்பது. வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. தவணையில் எது வட்டி, எது அசல் என்று பிரித்துக் காட்டும் ஆண்டு அறிக்கையைக் கடன் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். இது எளிது.

என் நண்பருக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். கடன் பத்திரத்தில் "தொழில் கடன்" என்று இருந்தால் போதும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வரி அலுவலகம் பார்ப்பது பெயரை அல்ல, பணம் எதற்குப் போனது என்பதை. பல நாடுகளில் வீட்டை அடகு வைத்து வாங்கிய கடனாக இருந்தாலும், பணம் தொழிலுக்குப் போயிருந்தால் வட்டியைக் கழிக்கலாம். தொழில் பெயரில் வாங்கி வீட்டுக்குச் செலவழித்தால் கழிக்க முடியாது.

அவர் கடன் 20,000. வட்டி 8 விழுக்காடு, 5 ஆண்டு. அதில் 15,000க்கு இயந்திரம் வாங்கினார்; 5,000 வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் போனது. முதல் ஆண்டு சுமார் 4,870 கட்டினார், அதில் வட்டி சுமார் 1,480. முக்கால் பங்கு தொழிலுக்குப் போனதால் 1,110 அளவில் கழித்திருக்கலாம். ஆனால் கடன் பணம் வந்து இறங்கியது குடும்பக் கணக்கில். மனைவியின் சம்பளமும் அதே கணக்கில்தான். இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் கடனிலிருந்து போனதா, சம்பளத்திலிருந்து போனதா என்று கேட்டபோது, காட்ட ஒரு தாள் இல்லை. அந்த முக்கால் பங்கும் போயிற்று. குறைத்துக் கட்டிய வரியோடு அதற்கு வட்டியும் சேர்த்துக் கட்டினார். இயந்திரம் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தும் அதுதான் நிலை.

ஆகவே கடன் வருவதற்கு முன்பே தொழிலுக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். பணம் அதில்தான் இறங்க வேண்டும், விற்பவருக்கும் அதிலிருந்தே நேராகப் போக வேண்டும். வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் வேறு வழி பாருங்கள். கடன் கணக்கில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால், பணம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக எங்கே போனது என்று எழுதி, ரசீதோடு இணைத்து வையுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போதே செய்தால்தான் வரும்.

உறவினரிடம் வாங்கிய பணமானாலும் எழுத்தில் வேண்டும்: தொகை, வட்டி விகிதம், தேதி, இருவர் கையெழுத்து. வட்டியை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஊரில் வாய்ச்சொல்லில் நடந்தது வரி அலுவலகத்திடம் செல்லாது. கடன் கொடுத்தவர் வேறு நாட்டில் இருந்தால், சில நாடுகளில் வட்டியிலிருந்து வரி பிடித்துக் கட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். முதல் தவணைக்கு முன்பே கணக்காளரிடம் கேளுங்கள்.

கனடாவில் ஆவணங்களை அந்த வரி ஆண்டு முடிந்து 6 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். கடன் பத்திரத்தையும், பணம் போன வழியைக் காட்டும் வங்கித் தாள்களையும் மட்டும் முதல் ஆண்டிலிருந்து எண்ணாதீர்கள். கடைசியாக வட்டி கழித்த ஆண்டிலிருந்து எண்ணுங்கள். கடைசி ஆண்டின் வட்டிக்கும் ஆதாரம் அதே தாள்கள்தான்.