ஹாலுக்கு எத்தனை டவுன்லைட்? கணக்கு தப்பும் இடங்கள்

ஃபால்ஸ் சீலிங் போடும் வீடுகளில் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது, "எத்தனை லைட் சார்?" என்றுதான். அந்த இடத்தில் ஏதோ ஒரு எண் சொல்லப்படும். அப்புறம் அந்த எண்ணுக்கு ஏற்றபடி சீலிங்கில் ஓட்டை விழும். எத்தனை விளக்கு வேண்டும் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு தள்ளித் தள்ளி வைப்பது என்பது இன்னொரு கணக்கு. முதலாவது அறையின் பரப்பிலிருந்தும், விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவான லூமெனிலிருந்தும் வருகிறது. இரண்டாவது உயரத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

குழப்பத்துக்கு நல்ல உதாரணம், "சீலிங் உயரத்தில் பாதி இடைவெளி விடு" என்ற பிரபலமான விதி. 12க்கு 16 அடி ஹால், ஃபால்ஸ் சீலிங் தரையிலிருந்து ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்வோம். பாதி என்றால் நாலே முக்கால் அடி. நீளத்தில் மூன்றரை விளக்கு, அகலத்தில் இரண்டரை விளக்கு என்று வரும். மேலே தள்ளி முழுதாக்கினால் 4க்கு 3, மொத்தம் 12. இந்த விதிக்கு உங்கள் விளக்கு 5 வாட்டா, 15 வாட்டா என்றே தெரியாது. பிறகு எப்படி எண்ணிக்கை சொல்லும்?

சரியான வழி இது. 192 சதுர அடி என்பது ஏறக்குறைய 17.8 சதுர மீட்டர். ஹாலின் பொது வெளிச்சத்துக்கு 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென், வசதியாக இருக்கும். 100 கொஞ்சம் மங்கல், 200 நல்ல பளிச். 150ஐ 17.8ஆல் பெருக்கினால் 2,670 லூமென். இங்கேயே நிறுத்திவிடுவது அடுத்த தவறு. விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதும் மேஜைக்கு வந்து சேராது. ஒரு பங்கைச் சுவர் தின்றுவிடும். வெளிர் நிறச் சுவர் உள்ள இந்த அளவு அறையில் 0.6 பங்கு வந்து சேர்ந்தால் சரி. தூசி படிவதற்கும், எல்இடி வருஷம் போகப் போக மங்குவதற்கும் 0.8 என்று வைக்கலாம். 2,670ஐ இந்த இரண்டாலும் வகுத்தால் சுமார் 5,560 லூமென். நீங்கள் வாங்கும் டவுன்லைட் 1,000 லூமென் தந்தால், ஆறு விளக்கு போதும். அந்த விதி சொன்ன 12ஐப் போட்டால் 320 லக்ஸைத் தாண்டும். டிவி பார்க்க உட்காரும்போது பாதியை அணைக்க வேண்டியிருக்கும்.

வாட்டை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. ஒரே 12 வாட்டில் ஒன்று 900 லூமென் தரும், இன்னொன்று 1,300 தரும். பெட்டியில் லூமென் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். அச்சிடவே இல்லையென்றால் அந்த விளக்கை வாங்காமல் விடுவது நல்லது.

இனி இடைவெளி. இதற்கு எந்த உயரத்தை எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தளம் பத்தடி என்று கட்டட வரைபடத்தில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் விளக்கு இருப்பது ஃபால்ஸ் சீலிங்கில், வெளிச்சம் வேண்டியது தரையில் இல்லை, மேஜை மட்டத்தில். ஒன்பதரை அடியில் மேஜைக்கு இரண்டரை அடி கழித்தால் ஏழு அடி. விளக்குக்கு விளக்கு இடைவெளி இந்த ஏழு அடிக்கு மேல் போகாமல் இருந்தால் நடுவில் இருட்டுத் திட்டு விழாது. இது அகலமான பீம் உள்ள விளக்குக்கு, அதாவது ஒளி அகலக் கோணத்தில் விரியும் விளக்குக்கு. 60 டிகிரி பீம், ஏழு அடி கீழே எட்டு அடி வட்டம் போடும். ஒளியைக் குறுக்கி அனுப்பும் 36 டிகிரி சிஓபி விளக்கு நாலரை அடி வட்டம்தான் போடும். ஆறு அடிக்கு ஒன்று என்று அதை வைத்தால் மேஜை மட்டத்தில் வட்டம் வட்டமாகத் தெரியும், நடுவில் மங்கல். கடையில் பளிச்சென்று தெரிந்த விளக்கு வீட்டில் ஏமாற்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆறு விளக்கை 3க்கு 2 என்று வைக்கிறோம். இங்கே ஒரு வழக்கமான பிழை: சுவரிலிருந்து முதல் விளக்குக்கும், விளக்குக்கு விளக்கும் ஒரே இடைவெளி விடுவது. 16 அடியை நாலாக வகுத்து 4, 8, 12 அடியில் மூன்று. 12 அடியை மூன்றாக வகுத்து 4, 8 அடியில் இரண்டு. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சம் நடுவில் குவிந்து, சோபா இருக்கும் சுவரோரம் மங்கும். சுவருக்கு விட வேண்டியது பாதி இடைவெளி. அப்படியானால் நீளத்தில் சுவரிலிருந்து 2 அடி 8 அங்குலம், அப்புறம் 5 அடி 4 அங்குலத்துக்கு ஒன்று. அகலத்தில் சுவரிலிருந்து 3 அடி, நடுவில் 6 அடி. அலமாரி இருக்கும் அறையில் சுவரிலிருந்து அளக்காதீர்கள், அலமாரிக் கதவிலிருந்து அளக்க வேண்டும்.

நம் ஊரில் இதோடு முடியாது, நடுவில் ஃபேன் இருக்கிறது. 1,200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டு அடி நீளும். முதலில் சொன்ன சம வகுப்பில் நடு ஜோடி விளக்குகள் சரியாக இறக்கை நுனிக்கு மேலே வந்து உட்காரும். ஃபேன் ஓடினால் அறை முழுக்க நிழல் படபடக்கும். கொஞ்ச நேரத்தில் தலைவலிதான். பாதி இடைவெளி முறையில் விளக்கு நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும். இறக்கை சீலிங்கிலிருந்து ஒரு அடி கீழே சுற்றினால், 90 டிகிரி பீமின் ஓரம் நுனியை உரசிக்கொண்டு போகும். இதுவும் போதாது. இரண்டு வரிசையையும் சுவர்ப் பக்கம் அரை அடி நகர்த்தி, சுவரிலிருந்து இரண்டரை அடியில் வையுங்கள். நடுவில் 7 அடி ஆகும், நம் வரம்புக்குள்தான். நுனியிலிருந்து ஒன்றரை அடி கிடைத்துவிடும், பீம் இறக்கையைத் தொடாமல் இறங்கும். முகம் முழுக்க ஒளிரும் 120 டிகிரி தட்டு விளக்கு என்றால் இந்தத் தூரத்திலும் லேசாகப் படபடக்கும்.

டபுள் ஹைட் ஹாலுக்கு வேறு மாதிரித் தப்பு நடக்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் விளக்கு நாலு மடங்கு வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு விளக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் அது சரி. அறையில் அப்படி நடப்பதில்லை, ஒவ்வொரு விளக்கின் வட்டமும் விரிந்து பக்கத்து விளக்கின் இடத்துக்கும் வந்து சேரும். உண்மையான இழப்பு சுவரில் போய் விழும் ஒளிதான். இதே 12க்கு 16 அறை 18 அடி உயரமானால் 0.6 என்ற பங்கு ஏறக்குறைய 0.4க்கு இறங்கும். ஆறு விளக்கு ஒன்பதாகும், இருபத்து நாலாகாது. தாழ்ந்த சீலிங்கில் வேண்டாம் என்று சொன்ன 36 டிகிரி பீம் இங்கே சரிப்படும். 15 அடி கீழே அது பத்து அடி வட்டம் போடும், சுவரில் வீணாவதும் குறையும். ஆனால் எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் போனால் யார் ஏறி மாற்றுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் சதுர அடிக் கணக்கு மட்டும் உதவாது. நடுவில் விளக்கு வைத்தால் நறுக்கும் பலகை மேல் உங்கள் நிழலே விழும். மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, சுவரிலிருந்து சுமார் இரண்டு அடியில் விளக்கு வர வேண்டும்.

கடைசியாக, ஜிப்சம் போர்டு அடிக்கும் முன்பே விளக்கின் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து, தூக்குக்குண்டோ லேசரோ வைத்து மேலே ஏற்றிக் காட்டுங்கள். போர்டுக்குப் பின்னால் ஜிஐ சேனல் அந்தப் புள்ளியில் ஓடினால், சேனலை நகர்த்த அப்போது ஐந்து நிமிஷம் போதும். போர்டு அடித்த பிறகு ஹோல் சா சேனலில் முட்டினால் இரண்டே வழி. சேனலை அறுப்பார்கள், அல்லது விளக்கை நாலு அங்குலம் தள்ளிவிடுவார்கள். அந்த நாலு அங்குலம் ஃபேன் பக்கமாகப் போனால், அரை அடி நகர்த்திச் சம்பாதித்ததில் பெரும்பகுதி போய்விடும்.