வெள்ளக் கோடு தட்டையானால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை: ஆற்று நீர்மட்ட வரைபடத்தைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருமழை நாட்களில் ஆற்றின் நீர்மட்ட வரைபடம் ஒன்று எப்படியும் நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கீழே நேரம், பக்கவாட்டில் உயரம், நடுவில் ஒரு கோடு சரசரவென்று ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, மெதுவாக இறங்கும். ஹைட்ரோகிராஃப் என்று சொல்வது இதைத்தான். பார்க்க எளிதாக இருப்பதால்தான் தப்பாகப் படிக்கவும் எளிதாக இருக்கிறது. கரையோரம் குடியிருப்பவர் தப்பாகப் படித்தால், கிளம்ப வேண்டிய நேரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டு எண்ணில் என்ன இருக்கிறது என்பதை. அது நீர்மட்டமா, வினாடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்லும் நீரோட்ட அளவா? இரண்டும் ஒன்றில்லை. நீர்மட்டம் என்றாலும், மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையங்களில் அது பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமாக இருக்கும். பாலத்தூணில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் அளவுகோலோ வேறொரு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதனால் மேலே ஒரு ஊரில் 40 மீட்டர், கீழே ஒரு ஊரில் 12 மீட்டர் என்று பார்த்துவிட்டு ‘அங்கேதான் ஆபத்து, இங்கே ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு நிலையத்தின் எண்ணையும் அந்த நிலையத்தின் எச்சரிக்கை அளவோடும் அபாய அளவோடும் மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது மழையையும் ஆற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நடக்கும் குழப்பம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. அது முடிகிற நாளின் தேதியில்தான் பதிவாகும். 2015 டிசம்பர் 2 என்ற தேதியில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று பதிவாகியிருக்கும் மழை பெரும்பாலும் 1ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. இதை அப்படியே 2ஆம் தேதிக்கு நேரே வரைந்துவிட்டால், மழைக்கு முன்பே அடையாறு பொங்கியது போலத் தெரியும். உடனே ‘மழையே இல்லை, ஏரியைத் திறந்ததால் மட்டும்தான் வெள்ளம்’ என்று ஒரு கதை கிளம்பிவிடும். மணிக்கணக்கில் பதிவான மழை கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் அந்த 24 மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையாவது சரியான இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை நின்றதும் ஆறு இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு ஒட்டியதுதான். மழையின் உச்சத்துக்கும் ஆற்றின் உச்சத்துக்கும் நடுவே ஒரு தாமதம் கண்டிப்பாக இருக்கும். தண்ணீர் வயலிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும், ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும் போய்த்தான் ஆற்றுக்கு வருகிறது. சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் சில மணி நேரம், காவிரி, கோதாவரி போன்றவற்றில் நாள் கணக்கு. உங்கள் ஊரில் வானம் வெளுத்துவிட்டது என்பது உங்கள் ஊர் வானத்தைப் பற்றிய செய்தி மட்டுமே, ஆற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சரி, எனக்கு எப்போதும் பயமாக இருக்கும் தவறுக்கு வருகிறேன். வேகமாக ஏறிக்கொண்டிருந்த கோடு திடீரென்று படுத்துவிடும். ‘ஏற்றம் குறைஞ்சிடுச்சு, உச்சம் வந்தாச்சு’ என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். பல நேரங்களில் நடந்திருப்பது நேர்மாறானது: ஆறு கரையைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் பரவத் தொடங்கியிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆற்றின் அகலம் 80 மீட்டர், கரையின் உயரம் அளவுகோலில் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 7 மணிக்கு 3.9, 8 மணிக்கு 4.8, 9 மணிக்கு 5.6. அதாவது மணிக்கு முக்கால் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. 10 மணிக்கு 6.0. அப்புறம் 11 மணிக்கு 6.12, 12 மணிக்கு 6.22, 1 மணிக்கு 6.32. வரைபடத்தில் இந்தக் கடைசி மூன்று மணி நேரம் கிட்டத்தட்டத் தட்டையாகத் தெரியும். ஆனால் கரை தாண்டிய பிறகு தண்ணீர் நிற்கும் அகலம் 400 மீட்டர் என்றால், ஆறு கரைக்குள் இருந்தபோது அரை மீட்டர் ஏறத் தேவைப்பட்ட அதே தண்ணீர் இப்போது 10 செ.மீ. மட்டுமே ஏற்றும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டுமே 40,000 கன மீட்டர்தான். டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்ததைத் தாம்பாளத்தில் ஊற்றினால் எப்படி மட்டம் ஏறாதோ அப்படி. மணிக்கு 10 செ.மீ. என்று பார்த்து நிம்மதியடைந்தவரின் தெருவுக்குள்தான் அந்த மீதித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

உண்மையான உச்சத்தையும் இந்தப் போலி உச்சத்தையும் எப்படிப் பிரிப்பது? கோடு எந்த உயரத்தில் படுத்தது என்று பாருங்கள். அது கரையின் உயரத்துக்குப் பக்கத்தில் என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நிலையத்தைப் பாருங்கள். அங்கே இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் ஊர்க் கோடு தட்டையாவதை உச்சம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மேலே இறங்கத் தொடங்கி, நடுவில் சேரும் ஓடைகளும் தணிந்து, அதற்குப் பிறகு இங்கே தொடர்ந்து சில அளவீடுகள் குறைந்தால் மட்டுமே உச்சம் கடந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரே ஒரு அளவீடு 2 செ.மீ. குறைந்ததை வைத்துக் கொண்டாடக் கூடாது. மேலே எங்கேயோ ஏரிக்கரை உடைந்து வேறு பக்கம் தண்ணீர் திரும்பினாலும் அப்படிக் குறையும்.

தட்டைக் கோட்டில் இன்னொரு வகையும் இருக்கிறது. மணிக்கணக்காக ஒரு சென்டிமீட்டர்கூட மாறாமல் அதே எண் வந்துகொண்டிருந்தால் அது ஆறு இல்லை, கருவி. உணர்கருவி மூழ்கியிருக்கும், இல்லையென்றால் தகவல் வருவது நின்று கடைசி எண்ணே திரும்பத் திரும்பக் காட்டப்படும். வெள்ளத்தில் ஓடும் ஆறு அத்தனை நேரம் ஒரே எண்ணில் நிற்பது அரிது. அதேபோல் நடுவே சில மணி நேரத் தகவல் இல்லாவிட்டால் வரைபடம் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். சிறிய ஆறுகளில் உச்சமே அந்த இடைவெளிக்குள் வந்து போயிருக்கலாம். புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் கோட்டை நம்பாதீர்கள்.

அணைத் திறப்பு வரைபடத்தையே ஆற்றின் வரைபடமாக எடுத்துக்கொள்வது நம் ஊரில் மிகவும் பரவலான தவறு. 2015இல் செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1ஆம் தேதி திறப்பைப் படிப்படியாக உயர்த்தி மாலையில் வினாடிக்கு 29,000 கனஅடி வரை கொண்டுபோனார்கள். ஷட்டர் இயக்கத்தால் வரும் கோடு இப்படிப் படிக்கட்டு மாதிரிதான் இருக்கும், மழையால் மட்டும் ஏறும் கோட்டில் அப்படிச் செங்குத்தான படிகள் வராது. இந்த 29,000 சின்ன எண் இல்லை. வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. அந்தக் கணக்கில் 29,000 கனஅடி ஒரு முழு நாள் ஓடினால் இரண்டரை டிஎம்சி, ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். ஆனாலும் அடையாறு என்றால் செம்பரம்பாக்கம் மட்டும் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வேறு வழியாக வருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலேயே இருக்கின்றன. அங்கே வந்த வெள்ளத்தை ஏரித் திறப்பு வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. சைதாப்பேட்டைப் பாலத்துக்கோ இரண்டும் சேர்ந்து வந்தது. திறப்பு அளவு குறைந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வைத்து சைதாப்பேட்டையில் இறங்கும் நேரத்தைக் கணிக்க முடியாது, திறப்பு குறையவில்லை என்பதை வைத்து முடிச்சூருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

தாமிரபரணியிலும் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். சிற்றாறு திருநெல்வேலிக்குக் கீழே சீவலப்பேரியில்தான் சேருகிறது. அதனால் திருநெல்வேலி நகரத்தின் நீர்மட்டத்தில் சிற்றாற்றின் தண்ணீர் தெரியாது, ஸ்ரீவைகுண்டத்துக்கு வரும்போது தெரியும். 2023 டிசம்பர் 17, 18இல் மழையின் உச்சமே கீழ்ப்பகுதியில்தான்: 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. பாபநாசம் அணை எவ்வளவு திறந்தது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இதில் பாதிக் கதைகூடத் தெரிந்திருக்காது. மேலே உள்ள அளவீட்டைக் கீழே உள்ள ஊருக்குப் பயன்படுத்துமுன் நடுவில் என்னென்ன சேருகிறது, அந்தப் பகுதியில் எவ்வளவு மழை என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கும் பக்கத்தில் நடக்கும் தவறு கணக்குப் போடுவதில் இருக்கிறது. ‘மூணு மணி நேரத்துல 60 செ.மீ. இறங்கிடுச்சு, இன்னும் ஆறு மணி நேரத்துல 1.2 மீட்டர் இறங்கிடும்’ என்பார்கள். கோடு நேராக இறங்காது. நிலத்தில் பரவிய தண்ணீரும் ஏரிகளின் உபரியும் மண்ணில் ஊறியதும் மெதுவாகத் திரும்பி வருவதால், முதலில் வேகமாக இறங்கி அப்புறம் இழுத்துக்கொண்டே போகும். அடுத்த மூன்று மணி நேரத்தில் 40, அதற்கடுத்து 25 என்று குறைந்துகொண்டே போவதுதான் இயல்பு. ஆறு கரைக்குள் போய்விட்டாலும், வடிகாலின் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். அடையாறு போலக் கடலுக்குப் பக்கத்தில் முடியும் ஆறுகளில், முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் கடல் ஏற்றமும் இதைத் தாமதப்படுத்தும்.

இறங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த மழை வந்தால், முதல் மழைக்குப் பார்த்த தாமதத்தை வைத்து நேரம் கணிக்காதீர்கள். முதல் மழையில் ஒரு பகுதி காய்ந்த மண்ணுக்கும் காலி ஏரிகளுக்கும் போயிருக்கும். இரண்டாவது மழைக்கு மண்ணும் நிறைந்திருக்கும், ஏரியும் நிறைந்திருக்கும், வரும் தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் கிட்டத்தட்ட இருக்காது. அதனால் குறைவான மழையே இன்னும் சீக்கிரமாக, சில சமயம் முதல் உச்சத்தைவிட உயரமான உச்சத்தைக் கொண்டுவரும். அந்த நாட்களில் நீர்மட்டக் கோட்டுக்குப் பக்கத்திலேயே மேலே உள்ள ஏரி, அணைகளின் இருப்பையும் திறந்து வைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. அது 22, 23 அடியில் நிற்கும்போது வரும் மழையும் 15 அடியில் நிற்கும்போது வரும் மழையும் அடையாற்றில் ஒரே மாதிரிக் கோட்டை வரையாது.