ஷிப்ட் மாற்றமும் 21 நாள் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறினால் முதலில் ஆட்டம் காண்பது எல்லைப்பக்கத்துக் குடும்பங்கள்தான். வேலந்தாவளத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வருகிறவர்களுக்குக் காலை 6 மணி ஷிப்ட் என்றால் பஸ்ஸே கிடைக்காது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போர்டில் ஒரு தாள் தொங்கியதும் எங்கள் சங்க அலுவலகத்துக்குப் போன் வந்துவிடும். புதிதாகப் பொறுப்புக்கு வந்த தம்பிகள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணா, 21 நாள் நோட்டீஸ் குடுக்கலீங்க, விடக்கூடாது." சிலசமயம் அது சரி. பலசமயம் சரியில்லை.

எல்லா மாற்றத்துக்கும் 21 நாள் என்று நினைப்பது

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கம்பெனியில் ஏற்கெனவே மூன்று ஷிப்ட் ஓடுகிறது, உங்களை ஏ ஷிப்டிலிருந்து சி ஷிப்டுக்குப் போடுகிறார்கள். இது ரோஸ்டர் மாற்றம். இதற்கு இத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும் என்று சட்டம் பொதுவாக நாள் குறிக்கவில்லை. ஆலையின் வேலை விதிகளைத்தான் நிலையாணைகள் என்கிறோம்; மாதிரி நிலையாணைகளிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட ஷிப்ட் ஓடும் இடத்தில் தொழிலாளியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம் என்று இருக்கிறது. உங்களுக்கு நாள் கணக்கு கிடைக்கவேண்டுமானால், அது உங்கள் ஆலையின் நிலையாணைகளிலோ சங்கம் போட்ட ஒப்பந்தத்திலோ வேலை உத்தரவிலோதான் இருக்கும். ரோஸ்டரை முந்தைய வாரமே ஒட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எழுதி வாங்காதவர்கள் சூப்பர்வைசரின் மனசை நம்பித்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது, ஷிப்ட் முறையையே மாற்றுவது. ஜெனரல் ஷிப்டில் இருந்த பிரிவைத் திடீரென்று இரண்டு ஷிப்டாக உடைப்பது, ஓடுகிற ஷிப்டை நிறுத்துவது, வேலை நேரத்தையும் இடைவேளையையும் மாற்றுவது எல்லாம் இதில் வரும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, இப்படி மாற்றுவதற்கு முன் நிர்வாகம் 21 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இது 40ஆவது பிரிவாகியிருக்கிறது. 21 நாள் மாறவில்லை. 3ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால் 24ஆம் தேதி முடியும்வரை பழைய முறைதான்.

ஆனால் ஷிப்ட் விஷயத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. 'நிலையாணைகளுக்குப் புறம்பாக' ஷிப்ட் முறையைத் தொடங்கினாலோ மாற்றினாலோதான் இந்த 21 நாள். நிலையாணைகளிலேயே "நிர்வாகம் விரும்பினால் ஒன்றுக்கு மேற்பட்ட ஷிப்ட் நடத்தலாம்" என்று இருந்தால், கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். போதாததற்குப் புதிய தொகுப்பு இன்னொரு விலக்கையும் சேர்த்திருக்கிறது: அவசரச் சூழ்நிலையில் ஷிப்டை மாற்ற வேண்டிவந்தால், குறைதீர்ப்புக் குழுவைக் கலந்து பேசிவிட்டு 21 நாள் இல்லாமலே மாற்றலாம். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் அந்தக் குழு இருக்கவேண்டும். அதனால் முதல் கேள்வி, 'கலந்து பேசினீர்களா, கூட்டக் குறிப்பு எங்கே?' என்பதாக இருக்கட்டும். குழுவே இல்லை என்றால் அந்த விலக்கை அவர்கள் கையில் எடுப்பது கஷ்டம்.

போர்டைப் போட்டோ எடுக்காமல் விடுவது

புதுத் தாள் ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுவார்கள். இரண்டையும் எடுத்து வையுங்கள்.

பழைய நேரத்துக்கே போய் கேட்டில் நிற்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி யாராவது செய்கிறார்கள், எனக்கு எரிச்சல் தீர்வதில்லை.

இங்கே ஒரு உணவுப்பொருள் ஆலையில் பேக்கிங் பிரிவு எப்போதும் காலை எட்டரை முதல் ஐந்து வரைதான். பெரும்பாலும் பெண்கள். ஒரு சனிக்கிழமை, திங்கள் முதல் 6 முதல் 2, 2 முதல் 10 என்று இரண்டு ஷிப்ட் என நோட்டீஸ் போட்டார்கள். அந்த ஆலையின் நிலையாணைகளில் பேக்கிங்குக்கு ஜெனரல் ஷிப்ட் என்றே தெளிவாக இருந்தது. குழுவைக் கூப்பிடவும் இல்லை. கேஸ் நம் பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதைக் கெடுத்தது திங்கட்கிழமை காலை. "நாங்க பழைய டைமுக்குத்தான் வருவோம், செக்யூரிட்டி தடுத்தா தடுக்கட்டும்" என்று பன்னிரண்டு பேர் சேர்ந்து எட்டரைக்குப் போய் நின்றார்கள். கேட் திறக்கவில்லை. மதியத்துக்குள் கம்பெனி ஒரு கடிதத்தைத் தயார் பண்ணிவிட்டது: 'பன்னிரண்டு பேர் முன்னறிவிப்பின்றிக் கூட்டாக வேலைக்கு வரவில்லை.' அதுவரை பேச்சு நோட்டீஸைப் பற்றி இருந்தது. அதற்கப்புறம் இவர்கள் வராததைப் பற்றி ஆகிவிட்டது.

அந்தக் கடிதத்தில் 'பன்னிரண்டு', 'கூட்டாக' என்று சும்மா எழுதவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து, தக்க காரணமில்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு நிபந்தனை இருக்கும் பட்சத்தில், 8 நாள் சம்பளம்வரை பிடிக்கச் சம்பளச் சட்டம் இடம் கொடுக்கிறது. இன்னொரு பக்கம், கூட்டாக வேலை செய்ய மறுத்தால் அது வேலைநிறுத்தம். முன்பெல்லாம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் மட்டும்தான் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கட்டாயம். புதிய தொகுப்பில் எல்லாத் தொழில்களிலும் 14 நாள் முன்னால் கொடுக்கவேண்டும். ஆக, 21 நாள் கேட்டுப் போனவர்களிடம் கம்பெனி 14 நாள் கேட்டது.

என்ன செய்திருக்கவேண்டும்? திங்கட்கிழமை 6 மணிக்கே உள்ளே போயிருக்கவேண்டும், பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்தாவது. போவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமையே ஒரு கடிதம்: 'இன்ன தேதியிட்ட நோட்டீஸ்படி எங்கள் ஷிப்ட் முறை மாற்றப்பட்டுள்ளது. 21 நாள் முன்னறிவிப்பு தரப்படவில்லை. நிலையாணைகளின்படி எங்கள் நேரம் இது. ஆட்சேபனையுடன், உரிமையை விட்டுக்கொடுக்காமல் புது நேரத்தில் வேலை செய்கிறோம்.' நாலு வரி போதும், வீரவசனம் வேண்டாம். இரண்டு பிரதி, ஒன்றில் சீல் வாங்கவேண்டும். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளவேண்டும். ஆட்டோ ரசீதும் அதோடு இருக்கட்டும், பேச்சுவார்த்தையில் வண்டி கேட்கும்போது உதவும். நகல் ஒன்று லேபர் ஆபீசுக்கு. லேபர் ஆபீசர் சமரசப் பேச்சை எடுத்துவிட்டால், அது நடக்கிற காலத்தில் அந்த விஷயத்தில் தொழிலாளிக்குப் பாதகமாக நிபந்தனைகளை நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு மாற்றமுடியாது. கேட்டில் நிற்பதைவிட அதுதான் நிர்வாகத்தை யோசிக்க வைக்கும்.

அந்தப் பேக்கிங் பிரிவு கடைசியில் தப்பியது. லேபர் ஆபீசர் முன்னால் நோட்டீஸை வாபஸ் வாங்கி, முறையாகப் புது நோட்டீஸ் கொடுத்து, 6 மணி ஷிப்டுக்கு வேலந்தாவளம்வரை வண்டியும் ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைச் சம்பளம் மட்டும் வரவே இல்லை. 8 நாள் பிடித்தத்தைக் கைவிட வைப்பதற்கே பேச்சின் பாதி நேரம் போய்விட்டது. அந்த நேரத்தில் இரவு 10 மணி ஷிப்ட் விடும்போதும் வண்டி கேட்டிருக்கலாம், கேட்க முடியாமல் போனது.

ஹெச்.ஆர். நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது

'பெற்றுக்கொண்டேன்' என்றால் போடுங்கள். 'சம்மதிக்கிறேன்' என்றால் வேண்டாம். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது நோட்டீஸ் இல்லை என்று அலட்சியமாக இருப்பது

ராத்திரி 11 மணிக்கு குரூப்பில் 'நாளை சி ஷிப்ட்' என்று சூப்பர்வைசர் போடுவார். ஷிப்ட் முறையை மாற்றுவதற்கு அது முறையான நோட்டீஸ் ஆகாது, சரி. ஆனால் ஏற்கெனவே ஓடுகிற ஷிப்டுக்குள் உங்களை நகர்த்தும் உத்தரவு என்றால், பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது, நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். 'தகவல் இத்தனை மணிக்குத்தான் வந்தது, இப்போது பஸ் இல்லை, என்ன ஏற்பாடு?' என்று அதே குரூப்பில் பதில் போட்டுவையுங்கள். பிறகு ஒப்பந்தம் பேசும்போது, ரோஸ்டருக்கு ஒரு வார முன்னறிவிப்பு வேண்டும் என்று கேட்பதற்கு அந்தப் பதில்களை அச்செடுத்து மேஜையில் வைக்கலாம்.